பொங்கலையா, புளிச்சுப்போச்சா? இட்லி மாவின் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி: சேலம் வெயிலுக்கும் ஏற்காட்டுக் குளிருக்கும்

காலையில் மூடியைத் திறந்ததும் கரண்டியை விட்டு மாவைக் கலக்கிவிடாதீர்கள். கலக்கிய மறுநிமிடமே பாதித் தடயம் அழிந்துவிடும். முதலில் பாத்திரத்தின் உள்சுவரைப் பாருங்கள். ராத்திரி ஊற்றியபோது மாவு எந்த மட்டத்தில் நின்றது, இப்போது எங்கே நிற்கிறது, அதற்கும் மேலே மாவு காய்ந்து ஒட்டிய வளையம் ஏதாவது தெரிகிறதா என்று கவனியுங்கள். பிறகு குனிந்து மோந்து பாருங்கள். மாவு பொங்கியதா, பொங்கி இறங்கிவிட்டதா, புளித்ததா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிட்டால் கோளாறு எங்கே என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

பொங்குவதும் புளிப்பதும் ஒன்றல்ல. பள்ளிப் பாடத்தில் இரண்டையும் சேர்த்து ‘நொதித்தல்’ என்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரிகள் சர்க்கரையை ஆக்சிஜன் உதவியில்லாமல் உடைத்துத் தமக்கு வேண்டிய ஆற்றலை எடுத்துக்கொண்டு, அமிலத்தையும் வாயுவையும் வெளியே விடுவதுதான் நொதித்தல். இதற்கான ஆங்கிலச் சொல்லின் வேரான லத்தீன் சொல்லுக்குக் ‘கொதித்தல்’ என்று பொருள். அடுப்பில்லாமலே குமிழி விட்டு எழுவதைப் பார்த்து வைத்த பெயர் அது. நம் வீடுகளில் இன்னும் நுணுக்கமாகப் பேசுகிறோம். “மாவு புளிச்சிருச்சு, ஆனா பொங்கலை” என்று சொல்லும்போது, அமிலம் உண்டானதையும் வாயு தங்காமல் போனதையும் தனித்தனியாகப் பிரித்துச் சொல்லிவிடுகிறோம். கோளாறைக் கண்டுபிடிக்க இந்தப் பிரிவுதான் சாவி.

மாவுக்குள் நடப்பது இதுதான். உளுந்தின் மீதும் அரிசியின் மீதும் நுண்ணுயிரிகள் இயற்கையாகவே ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஊறவைக்கும்போதே அவை விழித்துக்கொள்ளும். ஆட்டி வைத்த முதல் சில மணி நேரத்தில் வேகமாகப் பெருகுவது லியூகோனாஸ்டாக் மெசன்டராய்டிஸ் என்ற பாக்டீரியா. இட்லி மாவைப் பொங்கவைப்பதில் இதற்குத்தான் முக்கியப் பங்கு என்பது 1965இல் வெளியான ஓர் ஆய்விலேயே காட்டப்பட்டது. இது ஒரு குளுக்கோஸை உடைத்தால் ஒரு பங்கு லாக்டிக் அமிலமும், ஒரு பங்கு சாராயமும், ஒரு பங்கு கரியமில வாயுவும் கிடைக்கும். அதாவது இது புளிக்கவும் வைக்கும், பொங்கவும் வைக்கும். மாவில் புளிப்பு ஏறியதும் வேறு வகை லாக்டிக் பாக்டீரியாக்கள் மேலோங்குகின்றன. அவற்றில் பல, அதே குளுக்கோஸை உடைத்து இரண்டு பங்கும் லாக்டிக் அமிலமாகவே கொடுப்பவை. வாயு துளியும் தராது. ஆக, முதலாமவருக்கு நேரம் கிடைத்தால் மாவு பொங்கும். அவருக்கு நேரம் கொடுக்காமல் இரண்டாமவரே முந்திக்கொண்டால் மாவு புளிக்க மட்டும் செய்யும். யார் முந்துவது என்பதைப் பெரும்பாலும் சூடு முடிவு செய்கிறது.

லியூகோனாஸ்டாக்குக்குப் பிடித்த சூடு 20 முதல் 30 டிகிரி செல்சியஸ். 28ஐ நம் இலக்காக வைத்துக்கொள்ளலாம். இங்கே கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கும் சேலமும், அங்கிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் சுமார் 1,500 மீட்டரில் இருக்கும் ஏற்காடும் எதிரெதிர் சிக்கல்களைத் தருகின்றன. சித்திரை, வைகாசியில் சேலத்துச் சமையலறை ராத்திரி பத்து மணிக்கும் 33 டிகிரியில் நிற்கும். மார்கழியில் ஏற்காட்டுச் சமையலறை 16 டிகிரிக்கு இறங்கிவிடும். ஒரே அரிசி, ஒரே உளுந்து, ஒரே கைப்பக்குவம் இருந்தும் கீழே புளிக்கிறது, மேலே அசையாமல் கிடக்கிறது.

கீழே சொல்லும் அளவெல்லாம் ஒரே மாவை மனதில் வைத்துச் சொல்வது. 800 கிராம் இட்லி அரிசி, தோல் நீக்கிய முழு உளுந்து 200 கிராம், ஒரு டீஸ்பூன் வெந்தயம், 20 கிராம் உப்பு. ஆட்டி முடித்தால் ஏறத்தாழ 2.3 கிலோ மாவு வரும். பாத்திரம் ஐந்து லிட்டருக்குக் குறையக் கூடாது. சமையலுக்கான தெர்மாமீட்டர் ஒன்று இருந்தால் இந்தக் கட்டுரையின் பாதி வேலையை அதுவே செய்துவிடும்.

மட்டம் ஏறவே இல்லை, வளையமும் இல்லை, பச்சை உளுந்து வாடை அடிக்கிறது

இது ஏற்காட்டுக் கோளாறு. மாவு கெடவில்லை, தூங்குகிறது. அவ்வளவுதான்.

ஒரு மார்கழி மாதத்தை எடுத்துக்கொள்வோம். குழாய்த் தண்ணீர் 15 டிகிரி. மாலை ஆறு மணிக்கு ஆட்டி முடித்த மாவில் தெர்மாமீட்டரை விட்டால் 19 டிகிரி காட்டுகிறது. சமையலறை மேடையில் அப்படியே மூடி வைத்தால் ராத்திரியில் அதுவும் இறங்கி 17க்கு வந்துவிடும். காலை ஆறு மணிக்குத் திறந்தால் மாவு போட்டது போட்டபடி இருக்கும். மேலே ஒரு சொட்டு நீர் பிரிந்திருக்கும். பன்னிரண்டு மணி நேரம் ஆகிவிட்டதே என்று இட்லி ஊற்றினால் கல்லாகத்தான் வரும். 28 டிகிரியில் எட்டு முதல் பத்து மணி நேரத்தில் முடிகிற வேலை, இந்தக் குளிரில் அதைப்போல் இரண்டு மடங்கு நேரம் எடுத்தாலும் வியப்பில்லை.

இந்த மாவைக் கொட்டவும் வேண்டாம், சோடா போடவும் வேண்டாம். மாவுப் பாத்திரம் உள்ளே உட்காரும்படியான பெரிய அண்டாவில் ஐந்து லிட்டர் தண்ணீரை 45 டிகிரி சூட்டில் ஊற்றுங்கள். கையை வைத்தால் நன்றாகச் சுடும், ஆனால் எடுக்கத் தோன்றாது, அந்தப் பதம். மாவுப் பாத்திரத்தை அதில் இறக்கி, அடியிலிருந்து மேலாகப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் கிளறிக்கொண்டே இருங்கள். கிளறாவிட்டால் சுவரோரம் இருக்கும் மாவு மட்டும் சூடாகி, நடுவில் குளிர் அப்படியே இருக்கும். தெர்மாமீட்டர் 28 காட்டியதும் வெளியே எடுத்துவிடுங்கள்.

ஏற்றிய சூட்டைக் காப்பாற்றுவதுதான் அடுத்த வேலை. மூடியுள்ள தெர்மோகோல் பெட்டி இருந்தால் நல்லது. இல்லையென்றால் பெரிய அட்டைப்பெட்டிக்குள் கம்பளி விரித்து, மாவுப் பாத்திரத்தை வையுங்கள். பக்கத்தில் ஒரு லிட்டர் சுடுதண்ணீர் பாட்டில் ஒன்றைத் துணியில் சுற்றி, பாத்திரத்தில் ஒட்டாமல் நிறுத்துங்கள். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை பாட்டில் தண்ணீரை மாற்றினால் போதும். காலை ஏழு மணிக்கு இப்படி வைத்த மாவு பிற்பகலில் பொங்கி, ராத்திரி இட்லிக்குத் தயாராகிவிடும்.

அடுப்போரமாகவோ, சூடேற்றிய அவனுக்குள்ளோ வைப்பது தவறு. பாத்திரத்தின் ஒரு பக்கம் 45க்கு மேல் போய்விட்டால் அங்கே இருக்கும் லியூகோனாஸ்டாக் தளர்ந்துவிடும். அந்தப் பக்கம் புளித்தும் மறுபக்கம் பச்சையாகவும் ஒரே பாத்திரத்தில் இரண்டு மாவு கிடைக்கும்.

அடுத்த முறைக்கு இன்னும் எளிய வழி உண்டு. அரிசியையும் உளுந்தையும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவையுங்கள். ஆட்டும்போதும் 40 டிகிரித் தண்ணீரையே தெளியுங்கள். கிரைண்டர் கல் குளிர்ந்திருந்தால் சூட்டை நிறைய இழுத்துக்கொள்ளும். அதனால் ஆட்டுவதற்கு முன் சுடுதண்ணீர் ஊற்றி ஐந்து நிமிடம் கல்லைச் சுற்றவிட்டு வடித்துவிடுங்கள். இட்லி அரிசியோடு இரண்டு கைப்பிடி அவலோ ஒரு கரண்டி சாதமோ சேர்த்து ஆட்டுவது மலையில் உண்மையிலேயே உதவும். வெந்த மாவுச்சத்து பச்சை மாவுச்சத்தைவிட எளிதில் சர்க்கரையாக உடைகிறது. நுண்ணுயிரிகளுக்குத் தீனி சீக்கிரம் கிடைக்கிறது. சேலத்தில் ஜவ்வரிசிக்குப் பஞ்சமில்லை என்பதால் அதையும் ஒரு கைப்பிடி ஊறவைத்துப் போடுகிறார்கள். அதுவும் பாதி வெந்த மரவள்ளி மாவுதான், வேலை ஒன்றுதான்.

பழைய மாவு இரண்டு மேசைக்கரண்டி கலந்தால் குளிரில் வேகம் கூடும். ஆனால் எந்தப் பழைய மாவு என்பது முக்கியம். நன்றாகப் பொங்கி நின்ற நேரத்தில் எடுத்து வைத்ததாக இருக்கட்டும். ஃபிரிட்ஜில் நாலு நாள் கிடந்து கடுத்துப்போன மாவில் வாயு தருபவை குறைந்து, அமிலம் மட்டும் தருபவை நிறைந்திருக்கும். அதைக் கலந்தால் புளிப்பைத்தான் விதைக்கிறீர்கள்.

கையால் கலப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘கைராசி’ என்பார்கள். மாவைப் பொங்கவைக்கும் நுண்ணுயிரிகள் தானியத்திலிருந்தே வருகின்றன. கரண்டியால் கலந்தாலும் மாவு பொங்கத்தான் செய்யும். கையால் கலப்பதன் உண்மையான பலன் வேறு. அடியில் உட்கார்ந்த அரிசி மாவையும் மேலே மிதக்கும் உளுந்து மாவையும் கை நன்றாக ஒன்றுசேர்க்கும், எங்கே கட்டியாக இருக்கிறது என்று விரலுக்குத் தெரியும். கையைக் கழுவிவிட்டுக் கலந்தால் போதும்.

பொங்கவில்லை, ஆனால் மூக்கைத் துளைக்கும் புளிப்பு

இது சேலத்துக் கோடைக் கோளாறு. இதில் இரண்டு தனித்தனிக் காரணங்கள் ஒரே முகத்தோடு வரும். வாயுவே உண்டாகாமல் போயிருக்கலாம். வாயு உண்டாகியும் மாவு அதைப் பிடித்து வைக்காமல் விட்டிருக்கலாம். தீர்வு வேறு வேறு என்பதால் முதலில் இதைப் பிரித்தாக வேண்டும்.

அடுத்த முறை ஆட்டியதும் ஒரு நேரான கண்ணாடி டம்ளரில் பாதிவரை மாவை ஊற்றி, மட்டத்தில் ரப்பர் பேண்டு போட்டு, பெரிய பாத்திரத்துக்குப் பக்கத்திலேயே வையுங்கள். நாலு மணி நேரம் கழித்து டம்ளரை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நல்ல மாவென்றால் கண்ணாடியோரம் முழுக்கக் கடுகளவும் அதைவிடச் சிறிதுமாகக் குமிழிகள் நெருக்கமாக நின்றிருக்கும், மட்டம் ரப்பர் பேண்டைத் தாண்டியிருக்கும். குமிழியே இல்லாமல் மாவு வழவழவென்று இருந்து, மோந்தால் புளித்தால், வாயு உண்டாகவில்லை. குமிழிகள் ஒவ்வொன்றாக மேலேறி, மேற்பரப்பில் நுரையாக நின்று உடைந்துகொண்டிருந்தால், வாயு உண்டாகிறது, மாவுதான் பிடிக்கவில்லை.

முதல் காரணம் சூடு. மே மாதத்தில் ஊறவைத்த தண்ணீரே 32 டிகிரி இருக்கும். கிரைண்டரில் அரை மணி நேரம் கல் உரசினால் மாவு 36, 37 டிகிரியில் வெளியே வரும். தொட்டுப் பார்த்தாலே இளஞ்சூடாக இருக்கும். அந்தச் சூட்டில் லியூகோனாஸ்டாக் திணற, சூடு தாங்கும் மற்ற வகைகள் நேரடியாகக் களத்தில் இறங்கிவிடும். வாயு வருவதற்குள் அமிலம் வந்துவிடும். அமிலம் வந்த பிறகு முதலாமவர் மீண்டு எழுவதில்லை.

மாவைப் பாத்திரத்தில் ஊற்றும்போதே 28 டிகிரியில் இருக்கும்படி பார்த்துக்கொள்வதுதான் இதற்கு மருந்து. உளுந்தைக் கழுவி, ஃபிரிட்ஜுக்குள்ளேயே ஊறவையுங்கள். ஒன்றரை மணி நேரம் போதும், ஃபிரிட்ஜில் இரண்டரை ஆனாலும் பரவாயில்லை. அரிசி நாலு மணி நேரத்துக்கு மேல் வெளியில் ஊறத் தேவையில்லை. கோடையில் காலையில் ஊறவைத்துவிட்டு மாலையில் வந்து ஆட்டுகிற பழக்கம்தான் பல வீடுகளில் கோளாறின் தொடக்கம். ஊறிய தண்ணீரிலேயே நுரை கட்டி, ஒருவித வாடை வந்திருந்தால் புளிப்பு அங்கேயே ஆரம்பித்துவிட்டது என்று பொருள். ஆட்டும்போது ஐஸ் தண்ணீர் தெளியுங்கள். முதலில் உளுந்து, பிறகு அரிசி. அரிசி ஆட்டும்போது இரண்டு மூன்று ஐஸ் கட்டிகளையே கல்லில் போடலாம்.

கலந்து முடித்ததும் தெர்மாமீட்டர் 30க்கு மேல் காட்டினால், பாத்திரத்தை அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து, நடுவில் ஒருமுறை கிளறி, 28க்கு இறக்குங்கள். பிறகு அகலமான தாம்பாளத்தில் இரண்டு விரற்கடைத் தண்ணீர் ஊற்றி, அதன் நடுவில் பாத்திரத்தை வைத்து, ஈரத்துணியைச் சுற்றி, துணியின் நுனி தண்ணீரில் படும்படி விடுங்கள். மண்பானையில் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான். கோடையில் சேலத்துக் காற்று வறண்டு இருப்பதால் இது நன்றாக வேலை செய்யும். ராத்திரி பதினொன்றுக்கு வைத்தால் காலை ஐந்தரைக்கே பார்த்துவிடுங்கள். எட்டு மணிவரை விட்டால் சூடு மறுபடி ஏறி, மாவு கைநழுவிப்போகும்.

உப்பை முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்ற வாதம் முடிவதே இல்லை. வெயில் காலத்தில் முன்னால், குளிர்காலத்தில் பின்னால் என்பது நல்ல பழக்கம்தான். ஆனால் நாம் போடும் உப்பு மாவின் எடையில் நூற்றுக்கு ஒரு பங்குகூட வராது, அந்த அளவு லாக்டிக் பாக்டீரியாக்களைப் பெரிதாகத் தடுப்பதில்லை. சூடு நாலு டிகிரி மாறினால் வரும் வித்தியாசத்தின் முன் உப்பின் வித்தியாசம் சிறியது. உப்பைச் சரிசெய்துவிட்டுச் சூட்டை விட்டுவிடாதீர்கள்.

இரண்டாவது காரணம், வாயுவைப் பிடிக்காத மாவு. இங்கே உளுந்துதான் குற்றவாளி. உளுந்தின் புரதமும், அதை ஆட்டினால் வரும் வழவழப்பான பசையும் சேர்ந்து ஒவ்வொரு குமிழியையும் சுற்றி மெல்லிய தோல்போல நின்று பிடித்துக்கொள்கின்றன. அரிசிக்கு இந்தத் திறமை இல்லை. அரிசி மாவை மட்டும் புளிக்கவைத்தால் புளிக்கும், ஆனால் இட்லி போல எழும்பாது. வருடக்கணக்கில் கடையில் கிடந்த உளுந்தில் பசை குறைவு, மாவு காணாது. உடைத்த உளுந்தைவிடப் புது முழு உளுந்து எப்போதும் நன்றாகக் காணும். வெந்தயத்தின் பசையும் இதே பிடிப்பைக் கூட்டத்தான் உதவுகிறது.

ஆட்டிய உளுந்தைச் சோதிக்க ஒரு கிண்ணம் தண்ணீர் போதும். சுண்டைக்காய் அளவு மாவைக் கிள்ளி, தண்ணீரில் மெதுவாக விடுங்கள். நன்றாக ஆட்டிய மாவு மிதக்கும், பந்துபோலவே நிற்கும். மூழ்கினால் காற்று போதவில்லை, இன்னும் ஐந்து நிமிடம் ஆட்டலாம். மிதந்தும் ஓரம் கரைந்து பால்போல் பரவினால் தண்ணீர் அதிகமாகிவிட்டது. உளுந்துக்குத் தண்ணீரை மொத்தமாக ஊற்றாமல், கைகையாகத் தெளித்து இருபத்தைந்து முப்பது நிமிடம் ஆட்டும்போதுதான் அது பொங்கப் பொங்க வரும். அரிசியும் உளுந்தும் கலந்த பிறகு மாவு கரண்டியிலிருந்து நாடாவாக மடிந்து விழ வேண்டும். நீர்மோர்போல ஓடினால் குமிழி நிற்காது.

புளித்தும் பொங்காத மாவு இட்லிக்கு ஆகாது. அதில் கொஞ்சம் பச்சரிசி மாவும் நறுக்கிய வெங்காயம், மிளகாயும் சேர்த்து ஊத்தப்பமோ குழிப்பணியாரமோ ஊற்றலாம். கட்டாயம் இட்லிதான் வேண்டுமென்றால், ஒரு லிட்டர் மாவுக்குக் கால் டீஸ்பூன் சமையல் சோடாவை ஒரு கரண்டி தண்ணீரில் கரைத்து, தட்டில் ஊற்றுவதற்குச் சற்று முன்பு கலக்கவும். மாவில் இருக்கும் அமிலத்தோடு சோடா சேர்ந்து, வராமல் போன அந்தக் கரியமில வாயுவைத்தான் உண்டாக்குகிறது. கலந்து பத்து நிமிடம் வைத்திருந்தால் வாயு போய்விடும்.

சேலம் வட்டாரத்தில் உளுந்தோடு ஒன்றிரண்டு கொட்டமுத்தை, அதாவது ஆமணக்கு விதையை, சேர்த்து ஆட்டும் வழக்கம் உண்டு. நொதித்தலுக்கு அது தேவையில்லை. பச்சையாக அந்த விதை நஞ்சு. அப்படிச் சேர்த்த மாவைப் புளிப்பு பார்க்கிறேன் என்று விரலில் தொட்டு நாக்கில் வைக்காதீர்கள். நல்ல உளுந்து இருந்தால் அதை விட்டுவிடலாம்.

சுவரில் மேலே வளையம், கீழே குழிந்த மாவு

மாவு நின்ற மட்டத்துக்கு நாலு விரற்கடை மேலே காய்ந்த வளையம் இருந்து, மேற்பரப்பு நடுவில் தட்டுபோலக் குழிந்திருந்தால் மாவு பொங்கி, நேரம் தாண்டி, விழுந்துவிட்டது. பொங்கி நிற்கும் மாவு உச்சியில் சற்றுக் குவிந்தோ சமமாகவோ இருக்கும். குழிவு விழுகிறது என்றால் சின்னக் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி உடைய ஆரம்பித்துவிட்டன. புளிப்பு ஏற ஏறக் குமிழியைச் சுற்றியிருக்கும் தோலும் வலுவிழக்கும்.

உளுந்தையும் அரிசியையும் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. கடிகாரம்தான் தவறு. அதே சூட்டில் இரண்டு மணி நேரம் முன்னதாக எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் ராத்திரி இரண்டு மணி நேரம் தள்ளி ஆட்டுங்கள். ரப்பர் பேண்டு போட்ட டம்ளர் இங்கேயும் உதவும். மட்டம் ஒன்றரை மடங்குக்கும் இரண்டு மடங்குக்கும் இடையில் வந்ததும் பாத்திரத்தை ஃபிரிட்ஜுக்கு மாற்றுங்கள். அமிலத்தைக் காட்டும் பி.ஹெச். தாள் வைத்திருப்பவர்களுக்கு: ஆட்டியபோது 6 அளவில் இருக்கும் மாவு, நன்றாகப் பொங்கும் நேரத்தில் 4.5ஐ ஒட்டி வரும். 4ஐ நெருங்கினால் புளிப்பு நாக்கில் உறைக்கும்.

ஃபிரிட்ஜ் நொதித்தலை நிறுத்துவதில்லை, மெதுவாக்குகிறது. அதனால் தோசைக்கென்று எடுத்து வைத்த மாவு மூன்றாம் நாளில் புளிக்கத்தான் செய்யும். அந்த மாவில் தோசை சிவக்காமல் வெளுத்து வருவதும் இதனால்தான். சிவப்பதற்கு வேண்டிய சர்க்கரையை நுண்ணுயிரிகள் தின்றுவிட்டன, அமிலமும் சிவப்பதைத் தடுக்கிறது. ஊற்றுவதற்கு முன் ஒரு சிட்டிகை சர்க்கரை போட்டால் நிறம் வரும். ஆட்டும்போதே கரண்டிக் கணக்கில் சர்க்கரை போடாதீர்கள். லியூகோனாஸ்டாக் வெள்ளைச் சர்க்கரையிலிருந்து பிசினையும் உண்டாக்கும், மாவு நூல் நூலாக இழுக்கும்.

மாவு அருமையாகப் பொங்கியிருக்கிறது, இட்லி மட்டும் தட்டை

மாவைச் சந்தேகப்படாமல் கரண்டியையும் இட்லிப் பானையையும் பாருங்கள். ஐந்து லிட்டர் பாத்திரம் நிறைந்து நிற்கும் மாவை அடிவரை கலக்கி, மட்டம் பாதியாக இறங்கிய பிறகு ஊற்றினால், ராத்திரி முழுக்கச் சேர்த்த வாயுவை வெளியே விட்டுவிட்டீர்கள். வேண்டிய மாவை மட்டும் பாத்திரத்தின் ஓரத்திலிருந்து மெதுவாக வெட்டி எடுத்து, அதில் மட்டும் உப்போ தண்ணீரோ சேர்த்து இரண்டு சுற்றுக் கலந்து ஊற்றுங்கள். பானையில் தண்ணீர் தளதளவென்று கொதித்து ஆவி வந்த பிறகே தட்டை இறக்க வேண்டும். ஆவி வரும்வரை தட்டில் காத்திருக்கும் மாவு உட்கார்ந்துவிடும்.

ஏற்காட்டில் இன்னொரு காரணமும் சேர்கிறது. அந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். சேலத்தில் அது 99. ஆவியும் அந்த அளவே சூடாக இருக்கும். கீழே பத்து நிமிடத்தில் வேகும் இட்லிக்கு மேலே பதின்மூன்று, பதினான்கு நிமிடம் கொடுங்கள். நடு வேகாமல் எடுத்த இட்லி, மூடி திறந்ததும் எழும்பித் தெரிந்து, ஆறியதும் நடுவில் அமுங்கிப் பிசுபிசுக்கும். குமிழிச் சுவர் வெந்து இறுகும் முன்பே உள்ளே இருந்த ஆவி குளிர்ந்து சுருங்கிவிட்டது என்பதற்கான அடையாளம் அது.

இதே காற்றழுத்த வேறுபாட்டால் இன்னொரு தொல்லையும் உண்டு. சேலத்தில் பொங்கிய மாவை இறுக்கி மூடிய டப்பாவில் மலைக்கு எடுத்துப்போனால், மேலே போகப் போகக் குமிழிகள் ஆறில் ஒரு பங்கு கூடுதலாக விரியும். மூடி பிதுங்கும், திறந்தால் வழியும். வளைவுகளில் குலுங்கியதில் மீதி வாயுவும் போய்விடும். ஆட்டிய உடனே ஃபிரிட்ஜில் குளிரவைத்து, புளிக்காத மாவாகவே எடுத்துப்போங்கள். மேலே போய் 28 டிகிரிக்குச் சூடேற்றிப் பொங்கவைத்துக்கொள்ளலாம்.

சிவப்போ ஆரஞ்சோ புள்ளி, பூசணம், அழுகல் வாடை

இதற்குத் திருத்தம் கிடையாது. நல்ல மாவின் புளிப்பு தயிரை ஒட்டியது, சுத்தமாக இருக்கும். அழுகிய முட்டை, ஊறிப்போன சாக்கு, கெட்ட மீன் என்று எது நினைவுக்கு வந்தாலும் வேறு கிருமி இறங்கிவிட்டது. மேலே மட்டும் வழித்துப் போட்டுவிட்டுக் கீழ்மாவைப் பயன்படுத்துவதும், வெந்தால் சரியாகிவிடும் என்று நம்புவதும் கூடாது. சில கிருமிகள் விட்டுச்செல்லும் நஞ்சு ஆவியில் அழிவதில்லை. மேலே சாம்பல் நிறமாக மெல்லிய தோல் மட்டும் காய்ந்திருந்து, வாடை நன்றாக இருந்தால் அது காற்றில் உலர்ந்த மாவு. அதை எடுத்துவிட்டு மீதியைப் பயன்படுத்தலாம்.

கெட்ட மாவைக் கொட்டிய பிறகு பாத்திரத்தையும் மூடியையும் கொதிநீர் ஊற்றிக் கழுவி வெயிலில் கவிழ்த்து வையுங்கள். கிரைண்டர் கல்லின் அடியிலும் குழவியின் அச்சைச் சுற்றியும் காய்ந்து ஒட்டியிருக்கும் மாவைப் பிரஷ் வைத்துத் தேய்த்து எடுங்கள், பெரும்பாலும் அங்கிருந்துதான் திரும்ப வரும். அடுத்த மாவில் பழைய மாவு எதையும் கலக்காதீர்கள். உளுந்தில் இருக்கும் நுண்ணுயிரிகளே அதற்குப் போதும்.